விண்டோஸ் 11 போட்டதும் கேம் திக்குகிறதா? பழி போடும் முன் பார்க்க வேண்டியவை

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அத்தை மகன் போன் செய்தான். "அண்ணா, நேத்து பதினொன்னு போட்டேன். வாலரன்ட் திக்குது, எஃப்பிஎஸ்ஸும் விழுந்துடுச்சு. பத்துக்கே திரும்பிப் போயிடவா?" என்றான்.

அவனுடைய கணினி ரைசன் 5 3600, பி450 மதர்போர்டு, 3200 வேகத்தில் ஓடும் 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர். நம் ஊரில் ஐந்தாறு வருடத்துக்கு முன் அசெம்பிள் செய்த பாதி கேமிங் கணினிகள் ஏறக்குறைய இதுதான். அவன் சனிக்கிழமை செய்த வேலைகளை வரிசையாகச் சொல்லச் சொன்னேன். விண்டோஸ் 11 டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்டது. பழைய பயாஸில் அதை எங்கே ஆன் செய்வது என்று தெரியவில்லை. பென் டிரைவில் புது பயாஸை இறக்கி ஏற்றினான், டிபிஎம்மையும் செக்யூர் பூட்டையும் ஆன் செய்தான், டிஸ்க்கை அழித்துவிட்டுப் புதிதாகப் பதினொன்றை நிறுவினான்.

ஒரே நாளில் நான்கைந்து விஷயங்களை மாற்றிவிட்டு, அதில் ஒன்றன் மேல் மட்டும் பழியைப் போடுகிறான். பத்தையும் பதினொன்றையும் ஒப்பிடுகிறவர்களில் பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான்.

முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து `Performance` பக்கத்தில் `Memory`-யைப் பார்க்கச் சொன்னேன். `Speed` என்ற இடத்தில் 2133 என்று இருந்தது. வாங்கியது 3200 ரேம். பயாஸைப் புதுப்பித்தால் அதிலுள்ள அமைப்புகள் எல்லாம் பிறந்த நாளுக்குப் போய்விடும். `XMP` என்ற அமைப்பும் அதோடு அணைந்துவிடும். சில போர்டுகளில் அதன் பெயர் `DOCP`, சிலவற்றில் `A-XMP`. அது அணைந்தால் ரேம் தன் அடிப்படை வேகத்துக்கு இறங்கிவிடும். கணினி வழக்கம்போலத் திறக்கும், எந்த எச்சரிக்கையும் வராது. ரைசன் 3000 வரிசையில் இதன் அடி இரட்டிப்பு. கோர்களையும் ரேமையும் இணைக்கும் உள்பாதையின் வேகம் ரேமின் வேகத்தோடு சேர்ந்தே ஏறி இறங்கும். வாலரன்ட், சிஎஸ் 2 மாதிரி ப்ராசஸரை நம்பி ஓடும் கேம்களில் இது உடனே கண்ணில் படும். இதில் விண்டோஸின் தவறு துளியும் இல்லை. அவன் பத்தையே மறுபடி போட்டிருந்தாலும் அதே வேகத்தில்தான் திக்கியிருக்கும்.

பயாஸைப் புதுப்பிக்காமல் டிபிஎம்மை மட்டும் ஆன் செய்கிறவர்களுக்கு வேறொரு தொல்லை உண்டு. ஏஎம்டி ப்ராசஸர்களில் டிபிஎம் தனிச் சில்லாக இருப்பதில்லை, ப்ராசஸரின் ஃபர்ம்வேரிலேயே இருக்கிறது. அது தன் தரவை மதர்போர்டிலுள்ள பயாஸ் சிப்பில் எழுதிப் படிக்கும்போது சில நேரம் கணினி முழுவதும் ஒரு கணம் உறைந்துபோகும், ஒலிகூட இழுத்துக்கொண்டு நிற்கும். ஏஎம்டியே இதை 2022 மார்ச்சில் ஒப்புக்கொண்டது. தீர்வு ஏஜெசா 1.2.0.7 என்ற ஏஎம்டி ஃபர்ம்வேர் அடங்கிய பயாஸோடு வந்தது. டிபிஎம் ஆனில் இருந்தால் இந்த உறைவு விண்டோஸ் 10-லும் வரும். ஆனால் அதைப் பெரும்பாலோர் ஆன் செய்ததே பதினொன்றுக்காகத்தான் என்பதால் பழி பதினொன்றின் மேல் விழுந்தது. உங்கள் பயாஸ் அதற்கு முந்தையது என்றால் அதைப் புதுப்பியுங்கள், அப்புறம் மறக்காமல் `XMP`-யைத் திரும்ப ஆன் செய்யுங்கள்.

சரி, உண்மையிலேயே விண்டோஸ் தரப்பிலிருந்து வரும் வேறுபாடு எது? பெரும்பாலும் `Memory integrity` என்ற ஒரு சுவிட்ச். ஆன் செய்தால் விண்டோஸுக்கு அடியில் சின்னதாக ஒரு ஹைப்பர்வைசர் உட்கார்ந்துகொள்ளும். டிரைவர்களும் கெர்னலும் ஓட்டும் குறியீட்டை அது சரிபார்த்துத்தான் விடும். பாதுகாப்புக்கு நல்லது. ஆனால் நினைவக முகவரிகளை ஒரு படி கூடுதலாக மொழிபெயர்க்க வேண்டியிருப்பதால் ப்ராசஸருக்குக் கொஞ்சம் வேலை கூடும்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், பத்திலிருந்து அப்கிரேடு செய்தால் இந்த சுவிட்ச் பழைய நிலையிலேயே இருக்கும். பத்தில் பெரும்பாலும் அது ஆஃப். பதினொன்றைப் புதிதாக நிறுவினால், தகுதியுள்ள வன்பொருளில் தானாகவே ஆன் ஆகிவிடும். அதனால் ஒரே மாதிரி இரண்டு கணினியில் அப்கிரேடு செய்தவர் "வித்தியாசமே இல்லை" என்பார், புதிதாகப் போட்டவர் "குறைந்துவிட்டது" என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை.

பார்ப்பது சுலபம். `msinfo32` என்று தட்டித் திறந்தால் `Virtualization-based security Services Running` என்ற வரியில் `Hypervisor enforced Code Integrity` என்று இருக்கிறதா என்று தெரியும். மாற்ற வேண்டுமென்றால் `Windows Security`, `Device security`, `Core isolation details` என்று போக வேண்டும். இதை அணைத்தால் கேம் வேகம் கூடலாம் என்று மைக்ரோசாஃப்ட்டே 2022-இல் தன் உதவிப் பக்கத்தில் எழுதியது, ஆடி முடித்ததும் திரும்ப ஆன் செய்யச் சொல்லியும்தான். ஒப்பிடும்போது இரண்டு விண்டோஸிலும் இது ஒரே நிலையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் அளப்பது பத்தையும் பதினொன்றையும் அல்ல, இந்த சுவிட்சை.

என் தனிப்பட்ட கருத்து: கிராக் செய்த கேம்களையும் கண்ட கண்ட மாட்களையும் போடுகிறவர்கள் அதை அணைக்க வேண்டாம். உங்களுக்காகத்தான் அதைச் செய்திருக்கிறார்கள்.

அடுத்தது அளக்கும் விதம். மூலையில் தெரியும் எஃப்பிஎஸ் எண்ணை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு தீர்ப்புச் சொல்வது வீண். டிரைவரையோ விண்டோஸையோ மாற்றிய பின் ஷேடர் கேஷ் காலியாக இருக்கும், முதல் இரண்டு மூன்று ஆட்டங்களில் அது நிரம்பும்வரை திக்கத்தான் செய்யும். புதிய விண்டோஸ் பின்னணியில் அப்டேட் இறக்கிக்கொண்டும் கோப்புகளை இண்டெக்ஸ் செய்துகொண்டும் இருக்கும். ஒரு நாள் விட்டுவிட்டு அளங்கள்.

சராசரியும் ஏமாற்றும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 எஃப்பிஎஸ் என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 10 மில்லிசெகண்ட். ஒரு நிமிட ஆட்டத்தில் பத்து முறை 50 மில்லிசெகண்ட் உறைந்தால் மொத்தம் அரை செகண்ட் போகிறது. மீதி 59.5 செகண்டில் 5950 ஃப்ரேம், உறைந்தவை 10, ஆக 5960. சராசரி 99.3 எஃப்பிஎஸ். எண்ணில் ஒன்றுமே நடக்கவில்லை, ஆனால் ஆடுகிறவருக்கு ஆறு செகண்டுக்கு ஒரு தடவை கை தடுக்கும். மறுபக்கம், 100 எஃப்பிஎஸ் 95 ஆனால் ஒரு ஃப்ரேமுக்குக் கூடுவது அரை மில்லிசெகண்ட், அதைக் கண்ணால் சொல்வது கஷ்டம். அதனால் கேப்ஃப்ரேம்எக்ஸ் அல்லது பிரசென்ட்மான் போட்டு ஃப்ரேம் டைம் கோட்டைப் பாருங்கள். கோடு ஊசி ஊசியாக எழும்பினால் திக்கல். மொத்தமாக மேலே ஏறியிருந்தால் வேகம் குறைந்திருக்கிறது. காரணங்கள் வேறு வேறு. ஒரே கேம், ஒரே டிரைவர், ஒரே இடம், மூன்று முறை. அந்த மூன்றுக்கும் இடையிலேயே இருக்கும் ஏற்ற இறக்கத்தைவிட இரண்டு விண்டோஸுக்கும் நடுவிலுள்ள இடைவெளி சிறியதென்றால் அதை இடைவெளி என்று சொல்லக் கூடாது. கிராபிக்ஸ் கார்டு 99 சதவீதத்தில் ஓடுகிற அமைப்பில் அளந்தால் ப்ராசஸர் பக்க வேறுபாடு வெளியே தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

யூடியூபில் பழைய ஒப்பீட்டு வீடியோவை நம்பிப் பயப்படுகிறவர்கள் அதன் தேதியைப் பார்க்கட்டும். 2021 அக்டோபரில் பதினொன்று வெளியானபோது ரைசன்களில் எல்3 கேஷ் மெதுவாகும் பிழை உண்மையிலேயே இருந்தது. சில இ-ஸ்போர்ட்ஸ் கேம்கள் 10 முதல் 15 சதவீதம் வரை குறையலாம் என்று ஏஎம்டி சொன்னது. அதே மாதத்திலேயே திருத்தமும் வந்துவிட்டது.

இதற்கு நேர் எதிர்த் தவறும் உண்டு: வேகம் கூடும் என்று நம்பிப் பதினொன்றுக்குப் போவது. ரைசன் 3600, இன்டெல் எட்டாம் தலைமுறை போன்ற ப்ராசஸரில் எல்லாம் ஒரே நிலையில் வைத்து அளந்தால் சமன்தான் எதிர்பார்க்க வேண்டும். பதினொன்று கைகொடுப்பது இன்டெல் 12-ஆம் தலைமுறையிலிருந்து. பெரிய கோர், சின்ன கோர் என்று கலந்திருக்கும் அவற்றில் எந்த வேலை எந்தக் கோருக்கு என்று ப்ராசஸர் தரும் குறிப்பைப் படிக்கும் ஏற்பாடு பதினொன்றில்தான் முழுமையாக இருக்கிறது. ரைசன் 9000 வரிசைக்கான ப்ராசஸர் மேம்பாடும் 2024-இல் பதினொன்றுக்குத்தான் வந்தது. இந்த வன்பொருளை வைத்துக்கொண்டு பத்தில் இருப்பது காசை மூட்டை கட்டிப் பரணில் போடுவது.

அப்படியென்றால் சமமாக ஓடுகிறவர் பத்திலேயே இருந்துவிடலாமா? வேகத்துக்காக என்றால் இருக்கலாம். ஆனால் பத்துக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. வீட்டுக் கணினிகளுக்கான நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவித்திருக்கிறார்கள். ஆர்டிஎக்ஸ் கார்டுகளுக்குப் பத்தில் கேம் ரெடி டிரைவர்களை என்விடியா 2026 அக்டோபர் வரை என்று சொல்லியிருக்கிறது.

ஆன்டி-சீட் விஷயத்தைத் தனியாகப் பாருங்கள். வாலரன்ட், பதினொன்றில் டிபிஎம்மும் செக்யூர் பூட்டும் இல்லையென்றால் `VAN9001` அல்லது `VAN9003` என்று காட்டி நின்றுவிடும். பைபாஸ் வித்தைகளால் டிபிஎம் இல்லாத கணினியில் பதினொன்றைப் போட்டவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். அவர்கள் பத்திலேயே இருந்திருக்கலாம். ஆனால் எல்லா கேமிலும் பத்து தப்பிக்கும் வழியல்ல, பேட்டில்ஃபீல்ட் 6 எந்த விண்டோஸாக இருந்தாலும் செக்யூர் பூட் கேட்கிறது.

போய்ப் பார்க்கலாம் என்று நினைக்கிறவர்கள் டிஸ்க்கை அழிக்காமல் அப்கிரேடாகப் போங்கள். பிடிக்கவில்லையென்றால் `Settings`, `System`, `Recovery` வழியாகப் பத்துக்கே திரும்பலாம். கெடு 10 நாள். போனதும் அட்மின் கமாண்ட் ப்ராம்ப்டில் இதைத் தட்டினால் 60 நாள் கிடைக்கும்:

```
DISM /Online /Set-OSUninstallWindow /Value:60
```

இடையில் `Windows.old` ஃபோல்டரை இடம் அடைக்கிறது என்று அழித்துவிட்டால் கதை முடிந்தது.

அத்தை மகனுக்கு அந்த வாய்ப்பு இல்லை, டிஸ்க்கை அழித்துவிட்டானே. பயாஸில் `XMP`-யை ஆன் செய்தான், டாஸ்க் மேனேஜரில் 3200 வந்தது. `Memory integrity`-யை அணைத்தும் ஆன் செய்தும் ஆடிப் பார்த்தான். அவனுடைய மானிட்டர் 75 ஹெர்ட்ஸ், இரண்டு நிலையிலும் வாலரன்ட் அதற்கு மேலேதான் ஓடுகிறது. ஆனிலேயே விட்டுவிட்டான். இப்போது அவனுடைய புகார் எல்லாம் ஸ்டார்ட் மெனு நடுவில் இருக்கிறது என்பதுதான்.