குடல் அழற்சி உள்ள மகளுக்காக விடுதி வார்டனுக்குக் கடிதம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் மாதம் விடுதியில் சேர்க்கும் அன்று, கட்டணம் கட்டும் வரிசையில் நின்றபடியே எழுதிக் கொடுக்கும் கடிதம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "என் மகளுக்கு வயிற்றுக் கோளாறு உண்டு. காரம் ஆகாது. அடிக்கடி பாத்ரூம் போவாள், அனுமதிக்கவும். மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறேன்." நான்கு வரி, நான்கிலும் தவறு இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். மகள் பிளஸ் ஒன், வீடு வேதாரண்யம், விடுதி தஞ்சாவூர். அவளுக்கு இருப்பது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடலின் உள்சுவர் அழன்று புண்ணாகும் நோய்.

"வயிற்றுக் கோளாறு"

இதைப் படிக்கும் வார்டனுக்குத் தோன்றுவது, பெண் வெளியில் எதையோ வாங்கித் தின்றிருக்கிறாள் என்பதுதான். முதலில் ஓமத் தண்ணீர் கொடுப்பார், அப்புறம் முதலுதவிப் பெட்டியில் இருக்கும் லோபராமைடு. சாதாரணப் பேதிக்கு அது சரி. குடல் கடுமையாக அழன்றிருக்கும்போது கொடுத்தால் பெருங்குடல் அசைவற்று வீங்கிப்போகும் ஆபத்து உண்டு. ஆகவே நோயின் பெயரை டாக்டர் சீட்டில் உள்ளபடி எழுதுங்கள். அடுத்த வரியிலேயே, "இது தொற்றுநோய் அல்ல. தட்டு, டம்ளர், அறை எதையும் தனியாக்க வேண்டாம். டாக்டரைக் கேட்காமல் பேதி நிறுத்தும் மாத்திரை கொடுக்க வேண்டாம்" என்று எழுதுங்கள். தொற்று இல்லை என்ற வரி விட்டுப்போனால், இரண்டாவது வாரமே அவள் படுக்கை ஓரமாக நகர்ந்திருக்கும்.

"அடிக்கடி பாத்ரூம் போவாள், அனுமதிக்கவும்"

கடிதத்தில் மிகப் பெரிய தவறு "அனுமதிக்கவும்" என்ற சொல். அனுமதி என்றால் அவள் கேட்க வேண்டும், ஒருவர் தலையாட்ட வேண்டும். மலக்குடல் அழன்றிருக்கும்போது அடக்கி வைக்கும் திறன் குறைந்துவிடும். உணர்வு வந்த பிறகு அவளுக்குக் கிடைப்பது சில நிமிடம், சில நாளில் அதுவும் இல்லை. மாலை ஸ்டடி ஹாலில் அறுபது பேர் முன்னால் எழுந்து நின்று, "இப்பத்தானே போயிட்டு வந்தே?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல நேரம் இருக்காது. அதற்குப் பயந்து பிள்ளைகள் சாப்பாட்டைக் குறைப்பார்கள், தண்ணீர் குடிப்பதை நிறுத்துவார்கள். எடை குறைந்த பிறகுதான் வீட்டுக்குத் தெரியும்.

"அடிக்கடி" என்பதும் உதவாத சொல். எண்ணாக எழுதுங்கள்: "நன்றாக இருக்கும் நாளில் ஒன்றிரண்டு முறை. நோய் கூடினால் ஐந்தாறு முறை, இரவிலும் எழுவாள்." பிறகு கேட்க வேண்டியதை இடம் காட்டிக் கேளுங்கள்:

"ஸ்டடி ஹாலில் கதவோரம் இடம் வேண்டும். சொல்லாமல் எழுந்து போகலாம், திரும்பி வந்து கையைக் காட்டினால் போதும். கழிப்பறைக்கு அடுத்த அறையில் படுக்கை வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் வராந்தா கதவைப் பூட்டுவதாக இருந்தால், உட்பக்கம் உள்ள ஒரு கழிப்பறையைத் திறந்து வைக்க வேண்டும். அதில் தாழ்ப்பாள் சரியாக இருக்க வேண்டும், வாளியில் தண்ணீர் நிரம்பியிருக்க வேண்டும்."

வாளியை ஏன் தனியாகச் சொல்ல வேண்டும் என்றால், கரண்ட் போய் மோட்டார் ஓடாத இரவில் குழாய் காய்ந்துவிடும். காலை ஐந்தரை முதல் ஏழு வரை நிற்கும் வரிசையையும் மறக்க வேண்டாம். இந்த நோயில் தொல்லை அதிகமாக இருப்பதே காலையில்தான். வரிசையில் நிற்காமல் அவள் போக வேண்டும் என்று வார்டன் வாயால் ஒருமுறை சொன்னால் போதும், அவளே தினமும் கெஞ்ச வேண்டியிருக்காது.

"காரம் ஆகாது"

காரத்தால் இந்த நோய் வருவதில்லை. இருந்தும் இருபது பொருளைத் தடை செய்து பட்டியல் கொடுப்பவர்கள் உண்டு. இருநூறு பேருக்கு வடிக்கும் சமையல்கார அம்மா மூன்றாம் நாள் அதைப் பார்க்க மாட்டார். பெண்ணும் வெறும் தயிர் சாதத்திலேயே ஓட்டுவாள். நோய் அடங்கியிருக்கும் நாட்களில் எல்லோருக்கும் போடும் சாப்பாட்டையே சாப்பிடலாம், டாக்டர் தனியாகத் தடுத்ததைத் தவிர. ரத்தமோ சளியோ போகும் நாட்களில் மட்டும் மாற்றம் தேவை, அப்போதும் சக்கையைத்தான் குறைக்க வேண்டும்.

விடுதியின் வாரப் பட்டியலைக் கேட்டு வாங்கி, அதை வைத்தே எழுதுவது நல்லது. டெல்டா விடுதிகளில் மலிவாகக் கிடைப்பதால் வாழைத்தண்டும் வாழைப்பூவும் அடிக்கடி இலைக்கு வரும், கொண்டைக்கடலைச் சுண்டலும் உண்டு. நோய் கூடிய நாளில் இவை மூன்றும், கீரைத் தண்டும், பச்சை வெங்காயமும் வேண்டாம். அதே அடுப்பிலிருந்து இட்லி, இடியாப்பம், குழைந்த சோறு, மசித்த பருப்பு, தோல் சீவிய சுரைக்காய் அல்லது பூசணிக் கூட்டு, முட்டை கொடுக்கலாம். மோர் ஒத்துக்கொள்கிறதா என்பது அவளுக்கே தெரியும். தனிச் சமையல் கேட்கவில்லை என்று ஒரு வரி சேர்த்தால் சமையலறையில் முகச்சுளிப்பு குறையும்.

"மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறேன்"

எது, எப்போது, விட்டுப்போனால் என்ன என்பது இதில் இல்லை. நம் எடுத்துக்காட்டுப் பெண்ணுக்கு மூன்று மருந்து. மெசலமைன் மாத்திரை குடலுக்குள் போய்க் கரைவதற்கென்றே மேலுறை போட்டது. உடைத்தோ பொடித்தோ கொடுத்தால் மருந்து போக வேண்டிய இடத்துக்குப் போகாது. பிரெட்னிசோலோன் ஸ்டீராய்டு, காலை டிபனுக்குப் பிறகு. இதைச் சில வாரம் சாப்பிட்டவள் திடீரென நிறுத்தக் கூடாது, டாக்டர் சொன்னபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும். "இன்னிக்கு அவ சாப்பிடலை, அதனால மாத்திரையும் கொடுக்கலை" என்பது விடுதிகளில் நடக்கிற விஷயம். அதனால், "வாந்தி எடுத்து மாத்திரை நிற்கவில்லை என்றால் அன்றே என்னை அழைக்கவும்" என்று எழுத வேண்டும். மூன்றாவது, இரவு படுக்கும் முன் ஆசனவாயில் வைத்துக்கொள்ளும் சப்போசிட்டரி. இதை வார்டன் அலமாரியில் வைத்து, தினமும் கேட்டு வாங்கச் செய்தால் வெட்கப்பட்டு விட்டுவிடுவாள். அவளிடமே இருக்கட்டும். மே மாத வெயிலில் தகரப் பெட்டிக்குள் வைத்தால் இளகிவிடும், சுவர் அலமாரியின் கீழ்த்தட்டு தேவலை.

பெற்றோர் அநேகமாக எழுதாமல் விடுவது மாதவிடாய் வலி மாத்திரை. விடுதியில் கைக்குக் கை மாறும் மெஃபனமிக் அமிலமும், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் வகையும் இந்த நோயைக் கிளறிவிடக்கூடும். வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால் மட்டும் என்று எழுதுங்கள். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கும், அதை ரத்தம் என்று நினைத்துப் பதற வேண்டாம். ஆனால் அதை விழுங்கலாமா என்று டாக்டரைக் கேட்டு முடிவை எழுதிக் கொடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் வேதாரண்யம் பக்கம் சாலை துண்டிக்கப்படலாம். 2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்ததும் அந்தப் பக்கத்தில்தான். பதினைந்து நாள் மருந்து எப்போதும் கூடுதலாகக் கையிருப்பில் இருக்கட்டும்.

எழுதாமல் விடும் வரி

வீட்டிலிருந்து தஞ்சாவூர் வந்து சேர மூன்று மணி நேரமாவது ஆகும். "ஏதாவது என்றால் போன் செய்யவும்" என்றால், எது "ஏதாவது" என்று வார்டனுக்கு எப்படித் தெரியும்? இப்படி எழுதலாம்: "ஒரே நாளில் ஆறு முறையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போனாலோ, ரத்தம் போவதோடு 100 டிகிரி காய்ச்சல், படபடப்பு, வயிறு உப்பி வலித்தல், தலைசுற்றல் இவற்றில் ஒன்று சேர்ந்தாலோ, எனக்காகக் காத்திருக்காமல் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு போகவும். சிகிச்சைக்கு என் சம்மதம் இந்தக் கடிதமே." கையெழுத்து, தேதி, இரண்டு போன் எண், டாக்டர் சீட்டின் நகல்.

கடிதத்தை இரண்டு தாளாகப் பிரித்துவிடுங்கள். நோய், மருந்து, கழிப்பறை, அவசரம் எல்லாம் உள்ள முழுக் கடிதம் உறையில் வார்டனுக்கு. சமையலறைக்கு உணவு மட்டும் எழுதிய அரைத்தாள், அதில் நோயின் பெயர் வேண்டாம். வார்டன் லீவில் போகும்போது இரவுப் பொறுப்பில் இருப்பவரிடம் அந்த உறையைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்பதையும் உறையின் மேலேயே எழுதுங்கள். கொடுப்பதற்கு முன் மகள் ஒருமுறை படிக்கட்டும். எந்த வரியை யார் படிக்கலாம் என்பதில் அவள் சொல்வதுதான் கடைசி.