கையொப்ப நிரலைக் காணவில்லை: வேர்ட் அட்டவணையில் அடிக்கடி நேரும் தவறுகள்

கிளிநொச்சிப் பக்கத்தில் தட்டச்சும் நிழற்பிரதியும் செய்து கொடுக்கும் சிறிய கடை என்னுடையது. சிறுபோகம் தொடங்கும் காலத்தில் கமக்காரர் அமைப்புகளின் பட்டியல்கள் வரத் தொடங்கும். இரணைமடுத் தண்ணீர் எந்த வாய்க்காலுக்கு, யாருக்கு எத்தனை ஏக்கர் என்ற பட்டியல்கள் அவை. அப்படி ஒரு செயலாளர், எக்செலில் இருந்து வேர்டுக்குள் ஒட்டிய கோப்பைக் கொண்டுவந்து முப்பது பிரதி எடுத்துக்கொண்டு போனார். மாலையில் திரும்பி வந்தார். “தம்பி, எல்லாம் இருக்கிறது, கையொப்பம் போடும் இடத்தைத்தான் காணவில்லை.”

எட்டாவது நிரல் தாளுக்கு வெளியே போயிருந்தது. திரையில் பார்த்தபோதும் அது தெரியவில்லை. வழக்கமான பக்கத் தோற்றத்தில் தாளின் எல்லையைத் தாண்டியது எதுவும் கண்ணில் படாது. சந்தேகம் வந்தால் View பட்டியலில் Draft அல்லது Web Layout என்பதற்கு மாறிப் பாருங்கள். ஒளிந்திருந்த நிரல்கள் வலப்பக்கத்தில் வந்து நிற்கும். அச்சிடும் முன் அதைப் பார்க்காமல் விட்டது என் தவறு. முப்பது தாளின் காசை நான் வாங்கவில்லை.

காரணம் எளிது. எக்செலுக்குப் பக்கம் என்ற கவலை இல்லை. நிரல்கள் வலப்பக்கம் எவ்வளவு தூரமும் நீளலாம். ஒட்டும்போது அந்த அகலங்கள் அப்படியே வேர்டுக்குள் வந்துவிடுகின்றன. ஏ4 தாளின் அகலம் 21 சென்ரிமீற்றர். இரு பக்கமும் 2.54 விட்டால் எழுத மிஞ்சுவது 15.92 சென்ரிமீற்றர்தான். அட்டவணை அதைவிட அகலமாக இருந்தால் வேர்ட் தானாகச் சுருக்கித் தராது.

இதைக் கண்டதும் பெரும்பாலானோர் செய்வது அடுத்த தவறு: எழுத்தைச் சிறிதாக்குவது. எழுத்து எட்டுப் புள்ளிக்கு இறங்கினாலும் ஒட்டி வந்த நிரலின் அகலம் மாறாது. முதியவர்கள் வாசிக்க முடியாத பட்டியலாக ஆவதுதான் மிச்சம்.

இன்னும் சிலர் AutoFit என்ற சொல்லைப் பார்த்ததும் அதன் கீழுள்ள முதல் தெரிவான AutoFit Contents என்பதை அழுத்திவிடுகிறார்கள். அது நிரலின் அகலத்தை உள்ளே இருக்கும் எழுத்துக்கு ஏற்ப அமைக்கும். கையொப்ப நிரலுக்குள் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை, தலைப்புச் சொல் மட்டும். ஆகவே அந்த நிரல் ‘கையொப்பம்’ என்ற சொல்லின் அகலத்துக்குச் சுருங்கிவிடும். பேனா பிடித்து எழுத அங்கே இடம் போதாது. வெற்றாக விட்டு, கையால் நிரப்பவேண்டிய எந்தப் படிவத்துக்கும் இந்தத் தெரிவு பொருந்தாது என்பது என் கருத்து.

அதற்கு இன்னொரு குணமும் உண்டு. இடைவெளி இல்லாத நீண்ட சொல் ஒன்றை யாராவது ஒரு கட்டத்தில் தட்டச்சிட்டால் அந்த நிரல் விரியும், பக்கத்து நிரல்கள் ஒடுங்கும். எழுத்துரு மாறினாலும் இதே கதைதான். நம் பக்கத்தில் பாமினியில் தட்டச்சிட்ட கோப்புகள் இன்னும் புழங்குகின்றன. பாமினி இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் ஆங்கில எழுத்துகளாகச் சிதறுவதோடு, நிரல்களின் அகலமும் இடம் மாறிவிடுகிறது. கடையில் ஒழுங்காக இருந்த பட்டியல் அலுவலகத்தில் கோணலாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

செயலாளரின் கோப்பை நான் சரிசெய்த விதத்தைச் சொல்கிறேன். அட்டவணைக்குள் சொடுக்கி, அட்டவணைக்குரிய Layout பட்டியலில் AutoFit, அதில் AutoFit Window. உடனே முழு அட்டவணையும் ஓரங்களுக்குள் வந்து நின்றது. இது அகலத்தை எழுத்துப் பரப்பின் நூற்றுக்கு நூறு வீதமாக வைக்கிறது. ஓரத்தை மாற்றினால் அட்டவணையும் கூடவே மாறும். ஆனால் உள்ளடக்கத்துக்கு ஏற்ப விரியும் பழக்கம் இன்னும் உள்ளே இருக்கும். பலர் இந்த இடத்தில் வேலை முடிந்துவிட்டது என்று நிறுத்திக்கொள்கிறார்கள். அதே AutoFit பட்டியலில் Fixed Column Width என்பதையும் அடுத்துத் தெரிய வேண்டும். வரிசை முக்கியம். முதலில் Fixed கொடுத்தால் தாளுக்கு வெளியே நிற்கும் அகலமே உறைந்துவிடும்.

பிறகு நிரல்களுக்கு அகலம் பங்கிட வேண்டும். இங்கே செயலாளரிடம் ஒரு கேள்வி கேட்டேன்: “ஐயா, எல்லாரும் ஒரே ஊர்தானே, முகவரி நிரல் எதற்கு?” அவர் யோசித்துவிட்டு எடுத்துவிடச் சொன்னார். ஊரின் பெயர் தலைப்புக்குப் போனது. மிஞ்சிய ஏழு நிரல்களில் இலக்கங்களுக்குத்தான் முதலிடம், ஏனென்றால் அகலம் உறைந்த நிரலில் இடம் போதாவிட்டால் இலக்கம் நடுவில் முறிந்து அடுத்த வரிக்குப் போகும். புதிய அடையாள அட்டை இலக்கம் 12 இலக்கங்கள் கொண்டது. கலிப்ரி எழுத்தில் 11 புள்ளி அளவில் அதற்கு ஏறத்தாழ 2.4 சென்ரிமீற்றர் வேண்டும். கட்டத்தின் இரு பக்கமும் வேர்ட் வழக்கமாக விடும் 0.19 சென்ரிமீற்றரையும் சேர்த்தால் 2.8 கொடுப்பது பாதுகாப்பு. பத்து இலக்கத் தொலைபேசி எண்ணுக்கு 2.4. தொடரிலக்கத்துக்கு 1, வாய்க்கால் எண்ணுக்கு 1.5, ஏக்கருக்கு 1.4, கையொப்பத்துக்கு 3.2, மிஞ்சிய 3.6 பெயருக்கு. மொத்தம் 15.9. பெயர் நீளமானால் இரண்டு வரியாகட்டும், அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது.

இந்த எண்களை வலது சொடுக்கில் வரும் Table Properties பெட்டியின் Column பகுதியில் Preferred width என்ற இடத்தில் ஒவ்வொன்றாகத் தட்டச்சிட்டேன். Next Column பொத்தான் அடுத்த நிரலுக்குக் கொண்டுபோகும். அங்குலத்தில் கேட்டால் ‘2.8 cm’ என்றே எழுதலாம், வேர்ட் ஏற்றுக்கொள்ளும். எலியால் கோட்டை இழுக்கும்போது ஒரு கட்டம் மட்டும் தெரிவாகி இருந்தால் அந்தக் கட்டத்தின் கோடு மட்டும் நகர்ந்து அட்டவணை பல் விழுந்த சீப்பாகிவிடும். அதனால் நான் எண்ணையே விரும்புகிறேன்.

எல்லாம் சரியாக இருந்தும் வலப்பக்கம் அரைச் சென்ரிமீற்றருக்குச் சற்று மேல் வெளியே நிற்கிறதா? கோப்பு முதலில் Letter அளவில் தொடங்கப்பட்டிருக்கக்கூடும். அந்தத் தாள் 21.59 அகலம், எழுத்துப் பரப்பு 16.51. ஏ4 க்கு மாற்றியபோது அகலம் உறைந்த அட்டவணை மாறாததால் 0.59 வெளியே நிற்கிறது. தாளளவை முதலில் மாற்றி, பிறகு Window, பிறகு Fixed என்று மறுபடி செய்தால் போதும். இடப்பக்கமாகத் தள்ளி நின்றால் Table Properties பெட்டியின் Indent from left என்ற இடத்தைப் பாருங்கள், அங்கே பூச்சியம் இருக்க வேண்டும்.

சில பட்டியல்களுக்கு 15.92 உண்மையிலேயே போதாது. அப்போது அந்தப் பக்கத்தை மட்டும் படுக்கையாகத் திருப்புங்கள். அட்டவணைக்கு முன்னும் பின்னும் Breaks என்பதில் Next Page வைத்தால்தான் மற்றப் பக்கங்கள் நிமிர்ந்தே இருக்கும். எழுத்துப் பரப்பு 24.62 ஆகும். ஆனால் உறைந்த அட்டவணை பழைய 15.9 இலேயே நிற்கும், அதை நீங்கள்தான் மறுபடி விரிக்க வேண்டும்.