குறும்படம், ஆவணப்படத்துக்குத் தலைப்பு வைப்பது எப்படி: போஸ்டரில் நிற்கும் பெயர்

படப்பிடிப்பு முடிந்து ரஃப் கட் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். கதை எழுதும்போதே வைத்த பெயரைத் தற்காலிகப் பெயராக மட்டும் நினையுங்கள். ஆவணப்படத்தில் எடுக்கப் போனது ஒன்று, எடிட்டிங் மேசையில் கிடைத்தது வேறொன்று என்பது சாதாரணம்.

விளக்குவதற்கு நாங்கள் எடுத்த ஓர் ஆவணப்படத்தையே எடுத்துக்கொள்கிறேன். காது கேளாதவர்கள் அணியும் காது மிஷினைப் பழுது பார்க்கும் ஒரு முதியவர். நாள் முழுக்க அவருடைய மேசை, அவரிடம் வருகிற ஆட்கள், அவ்வளவுதான் படம்.

படி 1: பெயரைப் படத்துக்குள் தேடுங்கள்

வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு யோசித்தால் எல்லாருக்கும் ஒரே மாதிரி பெயர்தான் வரும். ‘மௌனத்தின்’, ‘காலத்தின்’, ‘வேர்களின்’ என்று ஆரம்பித்து ஏதாவது ஒரு ‘பயணம்’ அல்லது ‘ஓசை’யில் முடியும். பட்டியலில் இப்படி ‘இன்’ போட்ட பெயர்களை நான் முதலிலேயே அடித்துவிடுவேன். கேட்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் எந்தப் படத்தின் மேலும் ஒட்டலாம் என்பதால் எந்தப் படத்தோடும் ஒட்டாது.

அதற்குப் பதிலாக, படத்தில் பேசப்படும் எல்லாவற்றையும் எழுத்தாக்கி அச்செடுங்கள். சப்டைட்டில் போடுகிறவர்களுக்கு இது ஏற்கெனவே இருக்கும். பேனாவால் மூன்று விஷயங்களை மட்டும் குறியுங்கள்: ஒன்றுக்கு மேற்பட்ட முறை வரும் வாக்கியம், அந்தத் தொழில் செய்கிறவர் மட்டும் சொல்லும் சொல், யாரோ சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போன, ஆனால் நீங்கள் வெட்ட மனமில்லாமல் வைத்திருக்கும் வரி.

எங்கள் தாளில் ஒரு சொல் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. மிஷினை மாட்டிவிட்டு ஒவ்வொருவரிடமும் அவர் கேட்பது: “கேட்குதா?”

பட்டியலில் கடைசியாக நின்றவை இவை: ‘செவி’, ‘ஒலியைத் தேடி’, ‘மௌனத்தோடு பேசியவர்’, ‘காது கொடுத்தவர்’, ‘கேட்குதா?’

படி 2: படம் பார்ப்பதற்கு முன்னும் பின்னும் என்ன பொருள் தருகிறது?

ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு வரி எழுதுங்கள். படம் பார்க்காதவர் இந்தப் பெயரைப் பார்த்து என்ன நினைப்பார்? பார்த்து முடித்தவருக்கு இது என்னவாகத் தெரியும்? இரண்டும் ஒன்றாகவே இருந்தால் அது பெயர்ப்பலகை. தலைப்பாக வேலை செய்யாது. ‘செவி’ இங்கேதான் விழுந்தது. முன்னும் காது, பின்னும் காது.

‘காது கொடுத்தவர்’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. காது கொடுத்துக் கேட்பவர், காதையே திருப்பிக் கொடுப்பவர் என்று இரண்டு பொருளும் உண்டு. ஆனால் அவரைப் பற்றிய தீர்ப்பை அதுவே சொல்லிவிடுகிறது. நல்ல மனிதர் என்று தலைப்பு முடிவு செய்துவிட்டால் பார்வையாளருக்கு வேலை இல்லை. படத்தில் அவர் வீட்டுக்காரர்கள் சொல்வதைக் கேட்கவே மாட்டேன் என்று எரிந்து விழும் காட்சியும் இருந்தது. அதற்கு இந்தப் பெயரில் இடமில்லை.

‘கேட்குதா?’ படத்துக்கு முன் சும்மா ஒரு கேள்வி. படம் முடியும்போது, அந்தக் கேள்வியை வீட்டில் உள்ளவர்கள் அவரிடம் கேட்பது போல் ஆகிவிடுகிறது. அதனால் அது மேலே ஏறியது.

குறும்படம் என்றால் கூடுதலாக ஒன்று பாருங்கள்: கடைசித் திருப்பத்தைத் தலைப்பு காட்டிக்கொடுக்கக் கூடாது. பத்து நிமிடப் படத்தில் அதைவிட்டால் மறைக்க வேறு எதுவும் இருக்காது.

படி 3: போஸ்டர் அகலத்தில் உருவங்களை எண்ணுங்கள்

புதிதாகச் செய்பவர்கள் தாண்டிப் போகும் படி இது. நானும் அதிக நேரம் நின்றது இங்கேதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தமிழில் எழுத்தை எண்ணினால் போஸ்டர் கணக்கு சரியாக வராது. ‘கொ’ என்பது ஓர் எழுத்து. ஆனால் அகலத்தில் கொம்பு, க, கால் என்று மூன்று உருவங்களின் இடத்தை அடைக்கும். எனவே உருவங்களை எண்ணுங்கள். ‘மௌனத்தோடு பேசியவர்’ பத்து எழுத்துதான். உருவங்களாக எண்ணினால் மௌ மூன்று, தோ மூன்று, பே இரண்டு என்று மொத்தம் 15. ‘கேட்குதா?’ நான்கு எழுத்து. கேள்விக்குறியோடு ஏழு உருவம்.

இப்போது 1080 பிக்சல் அகலமும் 1620 உயரமும் உள்ள போஸ்டரை வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் ஓரம் விட்டால் தலைப்புக்கு 860 பிக்சல் கிடைக்கும். 15 உருவம் ஒரே வரியில் என்றால் ஒன்றுக்குச் சுமார் 57 பிக்சல். ஏழு உருவம் என்றால் சுமார் 120. பெரிய திரையில் இரண்டும் நன்றாகத்தான் தெரியும். ஆனால் விழாப் பட்டியலிலோ ஃபோனிலோ அந்தப் போஸ்டர் 150 பிக்சல் அகலத்துக்குச் சுருங்கும், அதாவது ஏழில் ஒரு பங்கு. அப்போது முதல் தலைப்பின் ஒவ்வோர் உருவத்துக்கும் எட்டு பிக்சல் மிஞ்சும், இரண்டாவதற்குப் பதினேழு. எட்டு பிக்சலில் ‘ண’வின் சுழிகள் அடைத்துக்கொள்ளும், மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போகும்.

நீளமான தலைப்பை இரண்டு வரியாக உடைக்கலாமே என்றால், உடைக்கலாம். ‘மௌனத்தோடு’ ஒன்பது, ‘பேசியவர்’ ஆறு. பெரிய வரிக்கு உருவத்துக்கு 95 பிக்சல் கிடைத்துவிடும். ஆனால் தமிழ் எழுத்து மேலேயும் கீழேயும் நீளும். மேல் வரியில் பு, சு, வு போல வால் உள்ள எழுத்து இருந்து, நேர் கீழே புள்ளியோ இகரக் கொக்கியோ வந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். முட்டாமலிருக்க வரிகளைத் தள்ளி வைத்தால் தலைப்பு இரண்டு தனி வாசகங்களாகப் பிரிந்து தெரியும். இதைத் தலைப்பை முடிவு செய்வதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். வடிவமைப்பாளரிடம் கொடுத்த பிறகு பார்த்தால் அவர் எழுத்தைச் சிறிதாக்கித்தான் தப்பிப்பார்.

சோதிக்கும் முறை எளிது. எல்லாப் பெயர்களையும் ஒரே எழுத்துருவில், ஒரே படத்தின் மேல் வைத்து, 150 பிக்சலுக்குச் சுருக்கி, பக்கத்தில் பக்கமாக அடுக்கி ஃபோனில் பாருங்கள். படிக்க ஒரு நொடிக்கு மேல் ஆகிறதா? அவ்வளவுதான் கேள்வி.

கருவி விஷயத்தில் என் சாய்வைச் சொல்லிவிடுகிறேன். இந்த வேலைக்கு எனக்கு இன்க்ஸ்கேப் போதும். இலவசம், யூனிகோட் தமிழைச் சேட்டை செய்யாமல் காட்டும். ஃபோட்டோஷாப்தான் பழக்கம் என்றால், தமிழ் எழுதும் முன் பத்தி அமைப்பில் World-Ready Layout என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் கொம்பும் எழுத்தும் இடம் மாறி நிற்கலாம். எழுத்துருவில், தடித்த கேட்டமரன் அல்லது முக்தா மலர் சிறிய அளவிலும் தாங்கும். பலூ தம்பி நன்றாகத் தெரியும், ஆனால் அதன் உருண்டை வடிவம் எதையும் நகைச்சுவைப் படம் போல் ஆக்கிவிடும். கையெழுத்து மாதிரியான எழுத்துருக்களை இந்தச் சோதனைக்குத் தொடவே வேண்டாம்.

படி 4: படமும் பெயரும் ஒன்றையே சொல்கின்றனவா?

‘செவி’ என்று எழுதி, பின்னால் ஒரு காதின் நெருக்கக் காட்சியை வைத்தால் ஒரே செய்தியை இரண்டு தடவை சொன்னதாகிறது. போஸ்டரில் இரண்டு இடம்தான் உண்டு, பெயர் ஒன்று, படம் ஒன்று. இரண்டும் வெவ்வேறு பாதியைச் சொல்ல வேண்டும். ‘கேட்குதா?’வுக்கு நாங்கள் காதையே காட்டவில்லை. பதிலுக்காகக் காத்திருக்கும் பெரியவரின் முகம் மட்டும். யாரிடம் கேட்கிறார் என்பதைப் பார்ப்பவர் நினைத்துக்கொள்ளட்டும்.

ஆவணப்படத் தலைப்பிலேயே விஷயம் முழுவதும் தெரிய வேண்டும் என்று பலர் பதறுகிறார்கள். அதற்குத் தலைப்புக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி போதும். ‘காது மிஷின் பழுது பார்க்கும் ஒருவரின் ஒரு நாள்’ என்று போட்டோம். தகவலை அந்த வரி சுமந்துகொள்ளும்.

படி 5: வாயால் சொல்லிப் பாருங்கள்

படத்தைப் பற்றி எதுவும் தெரியாத சிலரிடம் ஃபோனில் ஒரே ஒரு முறை பெயரைச் சொல்லுங்கள். எழுதிக்கொள்ளச் சொல்லாதீர்கள். மறுநாள் கூப்பிட்டு, “நேற்று ஒரு படத்தின் பெயர் சொன்னேனே, என்ன அது?” என்று கேளுங்கள். ‘ஒலியைத் தேடி’ என்று சொன்னது ‘ஒளியைத் தேடி’ ஆகித் திரும்பி வந்தது. ல, ள, ழ வேறுபாட்டில் பொருள் மாறும் பெயர்களுக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு.

‘கேட்குதா?’வுக்கு வேறு வேடிக்கை. ஃபோனில் சொன்னதும், “ஆ, நல்லா கேட்குது, சொல்லுங்க” என்றார்கள்! ஆனால் மறுநாள் ஒருவர்கூட மறக்கவில்லை. சரி, ‘படத்தின் பெயர்’ என்று முதலில் சொல்லிவிட்டுச் சொன்னால் தீர்ந்தது என்று முடிவு செய்தோம்.

படி 6: ஏற்கெனவே இருக்கிறதா?

தமிழிலும், ஆங்கில எழுத்தில் வரக்கூடிய எல்லா விதத்திலும் யூடியூபிலும் ஐஎம்டிபியிலும் தேடுங்கள். எங்களுக்கு Ketkutha, Ketkudha, Kekkudha மூன்றையும் தேட வேண்டியிருந்தது. பல நாடுகளில் வெறும் தலைப்புக்குப் பதிப்புரிமை கிடையாது. ஆனால் திரைத்துறை அமைப்புகள் தலைப்புப் பதிவு வைத்திருக்கும், வணிகக்குறி என்பது தனிச் சட்டம். விற்பனைக்குப் போகும் படம் என்றால் இரண்டையும் விசாரியுங்கள். சட்டம் தடுக்காவிட்டாலும், அண்மையில் வந்த, அதே விஷயத்தைப் பேசும் படத்தின் பெயர் என்றால் விட்டுவிடுவதே நல்லது. தேடுகிறவர்கள் அங்கேதான் போவார்கள்.

ஆங்கில எழுத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும் அதையே போஸ்டர், சப்டைட்டில், விழா விண்ணப்பம் மூன்றிலும் எழுதுங்கள்.

சேர்க்கை: பின்னூட்டங்களில் வந்தவை

ஒருவர், அச்சகத்துக்கு அனுப்பிய போஸ்டரில் தலைப்பு வேறு எழுத்துருவில் வந்துவிட்டது என்று எழுதியிருந்தார். அவர்களுடைய கணினியில் உங்கள் எழுத்துரு இருக்காது. இன்க்ஸ்கேப்பில் தலைப்பைத் தேர்ந்தெடுத்து Path > Object to Path கொடுத்து, எழுத்தை வடிவமாக மாற்றி அனுப்புங்கள். திருத்தம் செய்ய மாற்றாத பிரதி ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.

இன்னொருவர், தலைப்பில் கேள்விக்குறி வைக்கலாமா என்று கேட்டார். போஸ்டரில் தாராளமாக வைக்கலாம். ஆனால் விண்டோஸில் கோப்புப் பெயரில் ? ஏற்காது, முக்காற்புள்ளியும் ஏற்காது. ஹேஷ்டேகும் அந்தக் குறியோடு நின்றுவிடும். எனவே குறியை எடுத்துவிட்டாலும் பெயர் தனியாக நிற்கிறதா என்று பாருங்கள். எங்கள் கோப்பின் பெயர் `Ketkutha_Final.mov`. கேள்விக்குறி போஸ்டரிலும் படத்தின் தலைப்பு அட்டையிலும் மட்டும்.