கொடியில் காய்ந்த துணியும் கம்பளிப்பூச்சி முடியும்: அரிப்பை நிறுத்தும் வழி

புழுவைத் தொடவே இல்லை, ஆனால் கழுத்திலும் இடுப்பிலும் தடித்துத் தடித்து அரிக்கிறது. எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். சட்டைக் காலரும் இடுப்புப் பட்டையும் உடலை அழுத்தும் இடங்களில் மட்டும் தடிப்பு. களிம்பு போட்டால் அடங்கும், அடுத்த நாள் திரும்ப வரும். கொடிக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த கிளையைப் பார்த்த பிறகுதான் காரணம் புரிந்தது.

கம்பளிப்பூச்சி கடிப்பதில்லை. அதன் முடிகளில் பல நுண்ணிய முள்போல இருக்கும், எளிதில் உதிரும். சில வகைகளில் அவற்றுக்குள் நச்சும் உண்டு. உதிர்ந்த முடி காற்றில் பறந்து துணியில் ஒட்டும். புழு செத்தாலும், தோலுரித்துப் போனாலும், கூட்டுப்புழுக் கூட்டில் சிக்கியிருந்தாலும் முடியின் வீரியம் போகாது. ஆகவே புழுவைவிட முடியைத்தான் நாம் துரத்த வேண்டும்.

1. முதலில் தோல்

பலரும் இங்கேதான் சிக்கலைக் கூட்டிக்கொள்கிறார்கள். அரித்ததும் துண்டால் துடைப்பது, தேய்ப்பது, உடனே எண்ணெய் பூசுவது எல்லாம் முடியை இன்னும் உள்ளே தள்ளும். போட்டிருக்கும் உடையை முகத்தில் உரசாமல் கழற்றுங்கள். அப்புறம் ஒட்டும் டேப்பை ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி, தடிப்பின் மேல் மெல்ல வைத்து அழுத்தி, நேராக மேலே எடுங்கள். ஒரு டேப் துண்டை ஒரு முறைதான் பயன்படுத்த வேண்டும். திரும்ப ஒட்டினால் எடுத்த முடியே தோலில் ஏறும். பெட்டிகளுக்கு ஒட்டும் அகலமான டேப்தான் என் விருப்பம். காயத்துக்கு ஒட்டும் காகித டேப் போதிய அளவு பிடிப்பதில்லை. கண் இமையிலும் புண்ணான தோலிலும் டேப் வேண்டாம்.

டேப்பில் எடுத்த பிறகே தண்ணீர். ஓடும் தண்ணீரில் சோப்பு நுரையால் கழுவி, துண்டு போடாமல் காற்றில் உலர விடுங்கள். துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைப் பத்து நிமிடம் வைத்தால் அரிப்பு குறையும். தேவைப்பட்டால் மருந்தாளுநரிடம் கேட்டு ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்போ அலர்ஜி மாத்திரையோ எடுக்கலாம்.

மூச்சுத் திணறல், முகமோ உதடோ வீங்குவது, குழந்தை புழுவை வாயில் வைத்துவிட்டது என்றால் இதையெல்லாம் விட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

2. துணி

சந்தேகமான துணியை உதறக் கூடாது. உதறினால் முடி அறை முழுக்கப் பரவும். உள்பக்கமாகச் சுருட்டி ஒரு பையில் போட்டு, மற்ற துணிகளோடு சேர்க்காமல், அந்தத் துணி தாங்கும் அளவு சூடான தண்ணீரில் துவைத்து, ஒரு முறைக்கு இரண்டு முறை அலசுங்கள். துண்டு, போர்வை மாதிரி தடித்தவற்றுக்குத் துவைக்கும் முன் டேப் போட்டு எடுப்பது நல்லது. எங்களுக்கு அரிப்பு திரும்பத் திரும்ப வந்ததற்குக் காரணம், அதே கொடியில் காய்ந்து அலமாரியில் மடித்து வைத்திருந்த மற்ற சட்டைகள்தான். அவற்றையும் துவைத்த பிறகே நின்றது.

கொடிக்கயிற்றை ஈரத் துணியால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை துடையுங்கள். க்ளிப்புகளைச் சோப்புத் தண்ணீரில் ஊறப் போடுங்கள். துடைத்த துணியைக் குப்பையில் போட்டுவிடுங்கள்.

3. செடியில் உள்ள புழு

நீண்ட கைச் சட்டை, ரப்பர் கையுறை, கண்ணாடி, முகக்கவசம். நூல் கையுறை வேண்டவே வேண்டாம், முடி அதில் மாட்டிக்கொள்ளும். காற்று அடிக்காத நேரம் பாருங்கள். ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, நீண்ட இடுக்கியால் புழுவைப் பிடித்து உள்ளே போடுங்கள். கூட்டமாக இருந்தால் முதலில் நீர் தெளித்து நனைத்து, இலையோடு வெட்டிப் போடுவது எளிது. முருங்கையில் பகலில் புழுக்கள் அடிமரத்தில் அப்பிக் கிடக்கும், அப்போதே எடுத்துவிடலாம். நசுக்குவதும் துடைப்பத்தால் தட்டுவதும் தீ வைப்பதும் முடியைக் காற்றில் கிளப்பிவிடும். செத்த புழுக்களைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போடாதீர்கள்.

கொடிக்கு மேலே வரும் கிளைகளை வெட்டிவிடுங்கள். புழுக்கள் இருக்கும் வரை துணியை வேறு இடத்தில் காயப் போடுங்கள்.

பிறகு சேர்த்தது: கண்ணில் முடி பட்டால் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். கசக்காதீர்கள். சுத்தமான தண்ணீரை நிறைய ஊற்றிக் கழுவுங்கள், லென்ஸ் போட்டிருந்தால் கழற்றுங்கள். பிறகு எரிச்சல் குறைந்தாலும் அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள். முடி விழிக்குள் மெல்ல ஊடுருவிப் போகக் கூடியது, வெறும் கண்ணுக்குத் தெரியாது.