பிணைந்த பண்புகள்: சோதனைக் கலப்புக் கணக்கு போடும் முறை

கொடைக்கானலில் பிளம்ஸ் சீசனில் பழக்கூடையைச் சுற்றிப் பறக்குமே, அந்தச் சின்னப் பழ ஈயின் இனத்தைச் சேர்ந்ததுதான் தாமஸ் ஹன்ட் மார்கன் வளர்த்த ஈயும். பழைய பிளஸ் டூ வினாத்தாள்களில் பிணைப்புக் கணக்கு வந்தால், இங்கே என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளில் பலர் யோசிக்காமல் 1:1:1:1 என்று எழுதிவிடுகிறார்கள். அது எங்கே பொருந்தாது என்பதை மார்கனின் கலப்பிலேயே பார்த்துவிடலாம்.

சாம்பல் உடல் (B) ஓங்கு, கருப்பு (b) ஒடுங்கு. இயல்பான இறக்கை (V) ஓங்கு, எச்ச இறக்கை (v) ஒடுங்கு. BBVV ஈயையும் bbvv ஈயையும் கலந்து கிடைத்த F1 பெண்ணை, கருப்பு உடலும் எச்ச இறக்கையும் கொண்ட ஆணோடு கலக்கிறோம்.

முதலில் F1 பெண்ணை BbVv என்று எழுதாமல் BV/bv என்று எழுதுங்கள். எந்த அல்லீல்கள் ஒரே குரோமோசோமில் சேர்ந்து வந்தன என்பதை அந்தச் சாய்கோடு காட்டும். கணக்கின் உயிரே அதுதான்.

அடுத்து படம். ஆண் தருவது bv கேமீட் மட்டுமே. அதனால் சேயின் தோற்றம் அப்படியே பெண்ணின் கேமீட்டைக் காட்டிக் கொடுக்கும்.

```
பெண் BV/bv  ×  ஆண் bv/bv

BV → சாம்பல், இயல்பு : 965
bv → கருப்பு, எச்சம்  : 944
Bv → சாம்பல், எச்சம்  : 206
bV → கருப்பு, இயல்பு  : 185
               மொத்தம்: 2300
```

பண்புகள் தனித்தனியாகப் பிரிந்திருந்தால் ஒவ்வொரு வகையிலும் சுமார் 575 வந்திருக்கும். இங்கே இரண்டு வகை மிக அதிகம், இரண்டு மிகக் குறைவு. அப்படியானால் இது பிணைப்பு. அதிகமானவை பெற்றோர் வகை, குறைந்தவை குறுக்கேற்றத்தால் வந்த மறுகூட்டிணைவு வகை.

சரி, இப்போது சதவீதம்: (206 + 185) ÷ 2300 × 100 = 17. இரண்டு மரபணுக்களுக்கும் இடையே 17 வரைபட அலகு தொலைவு. இந்தச் சதவீதம் 50-ஐத் தாண்டாது. தாண்டியிருந்தால் வகைகளை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள்.

அந்தத் தவறு பெரும்பாலும் "இரண்டும் ஓங்கு என்றால் பெற்றோர் வகை" என்று மனப்பாடம் செய்வதால் வருகிறது. தொடக்கப் பெற்றோர் BBvv, bbVV என்றால் F1 பெண் Bv/bV. அப்போது அதிகம் வருவது சாம்பல்-எச்சமும் கருப்பு-இயல்பும்தான். எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வினாவில் F1 ஆணா பெண்ணா என்பதையும் கவனிக்க வேண்டும். ஆண் பழ ஈயில் குறுக்கேற்றம் நடப்பதில்லை. BV/bv ஆணை bv/bv பெண்ணோடு கலந்தால் பெற்றோர் வகை இரண்டு மட்டும், 1:1 என்று வரும்.

சில தாள்களில் கணக்கைத் திருப்பிக் கேட்பார்கள்: தொலைவு 17 அலகு, BV/bv பெண்ணின் சோதனைக் கலப்பில் 1000 சேய்கள், எது எத்தனை? 17 சதவீதத்தை இரண்டு மறுகூட்டிணைவு வகைக்கும் சமமாகப் பிரித்தால் தலா 8.5, அதாவது 85 ஈ. மீதி 83-ஐப் பிரித்தால் தலா 41.5, அதாவது 415.