புட்டியா பிஓபியா? ஸ்கேல் வச்சு பாத்துட்டு முடிவு பண்ணுங்க

செவுத்துல ஒரு நீளமான நேர் கட்டைய வச்சு பாருங்க, நடுவுல எவ்ளோ கேப் தெரியுதுங்கறத வச்சுதான் பெயிண்ட்டுக்கு முன்னாடி பூச புட்டி வேணுமா, பிஓபிங்கற பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வேணுமான்னே முடிவு பண்ணணும். ஒயிட் சிமெண்ட் புட்டி ரெண்டு கோட்டும் சேத்தே ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல போகக்கூடாது, அது சின்ன சின்ன ஓட்டைய அடைச்சு வழவழன்னு ஆக்கத்தான், பள்ளத்த ரொப்ப இல்ல. 6 மில்லிமீட்டர் பள்ளத்துல புட்டிய அப்பினா காயும்போது சுருங்கி தலைமுடி மாதிரி விரிசல் விடும், அப்புறம் பெயிண்ட்டோட பேந்து வரும்.

அந்த பள்ளத்துக்கு பிஓபி சரியா வரும், ஆனா உள் செவுரு, நல்லா காஞ்ச செவுரா இருக்கணும். பிஓபி ஈரத்த உறிஞ்சி ஊறி மாவா உதிரும், அதனால பாத்ரூமுக்கு முதுகு குடுத்து நிக்கற செவுரு, வெளிச்செவுரு எதுக்கும் வேணாம், அங்கெல்லாம் சிமெண்ட் கலவையால ரொப்பி தண்ணி தெளிச்சு நீர் ஆத்தி, அப்புறம் காயவிட்டு மேல புட்டி இழுங்க.

ஈரம் இருக்கான்னு சந்தேகமா? பிளாஸ்டிக் ஷீட் ஒரு துண்ட நாலு பக்கமும் டேப் போட்டு ஒரு நாள் ஒட்டி வைங்க. செவுத்த ஒட்டின பக்கம் வேர்த்திருந்தா ஈரம் உள்ளேருந்து வருது, கசிவ நிறுத்தாம எத பூசினாலும் காசு தண்டம்தான்.