மெய்க்கனி, பொய்க்கனி: எல்லாரும் தப்பு பண்ற இடங்கள்

பூவோட சூற்பை பழுத்தா மெய்க்கனி, பூவோட வேற பாகம் பருத்து சதையானா பொய்க்கனி. இத எல்லாரும் சரியா சொல்லிடுவாங்க, ஆனா ஒரு பழத்த கையில குடுத்து இதுல சூற்பை எங்கன்னு கேட்டா அங்கதான் மாட்டிக்கிறாங்க.

முதல் தப்பு, மாங்கொட்டைய அப்படியே விதைன்னு எழுதுறது. கருவுற்ற அப்புறம் சூல் விதையாகுது, அத சுத்தி இருக்குற சூற்பைச் சுவர் கனியாகுது. மாங்காய்ல அந்த ஒரே சுவர்தான் மூணா பிரியுது: வெளிய தோல், நடுவுல நாம சாப்பிடுற சதை, உள்ள நார் ஒட்டின கெட்டி ஓடு. அதனால கொட்டையோட ஓடும் கனியோட பாகம்தான். காஞ்ச கொட்டைய உடைச்சா உள்ள மெல்லிசு தோலோட ஒரு பருப்பு கிடைக்கும் பாருங்க, அதுதான் விதை.

தேங்காயும் இதே கணக்குதான், நடுச்சுவர் சதையாகாம நாராயிடுச்சு, அவ்வளவுதான். இங்க சிரட்டைய விதையுறைன்னு எழுதி நிறைய பேரு மார்க்க விடுறாங்க. சிரட்டை சூற்பைச் சுவரோட உள்பக்கம். தேங்காய கீறி எடுக்கும்போது வெள்ளைப் பருப்போட முதுகுல பிரவுன் கலர்ல மெல்லிசா ஒட்டிட்டு வருமே, அதுதான் விதையுறை. வெள்ளைப் பருப்பும் தண்ணியும் முளைக்கப்போற கருவுக்கான சாப்பாடு, அதாவது கருவூண். சிரட்டைல மூணு கண்ணு இருக்கறதும் சும்மா இல்ல, குரும்பையோட சூற்பை மூணு சூலக இலை சேர்ந்தது, அதுல ஒண்ணோட சூல் மட்டும்தான் விதையா வளரும், முளையும் அந்த ஒரு மெத்துன்னு இருக்குற கண்ணு வழியாத்தான் வெளிய வரும்.

அடுத்த தப்பு ஆப்பிள்ல. பொய்க்கனின்னதும் அதுல சூற்பையே கனியாகலன்னு நினைச்சுக்கிறாங்க. ஒரு ஆப்பிள குறுக்கால வெட்டிப் பாருங்க, நடுவுல நட்சத்திரம் மாதிரி அஞ்சு அறை, அறைக்குள்ள விதை, சுவர் பிளாஸ்டிக் பேப்பர் மாதிரி விறைப்பா இருக்கும். அந்த நடுப்பகுதிதான் சூற்பை, அதாவது நாம தூக்கிப் போடுறதுதான் மெய்யான கனி. அதுக்கு வெளிய வட்டமா மங்கலா பச்சைப் புள்ளிங்க தெரியும், ஏறக்குறைய அதுதான் எல்லை, அத தாண்டி இருக்குற சதையெல்லாம் சூற்பைய மூடி ஒட்டி வளர்ந்த பூவோட கிண்ணப் பகுதி. காம்புக்கு எதிர்ப்பக்கம் குழியில காஞ்சு ஒட்டிட்டு இருக்குற இதழ்ங்க புல்லிவட்டம், சூற்பை அதுக்குக் கீழ இருந்ததோட அடையாளம்.

ஆனா இத மட்டும் வச்சு பொய்க்கனின்னு முடிவு பண்ணிடாதீங்க. கொய்யா நுனியிலயும் அதே புல்லிவட்டம் ஒட்டிட்டு இருக்கும், ஆனாலும் பாடப்புத்தகம் கொய்யாவ சதைக்கனின்னு மெய்க்கனி பக்கம்தான் வைக்கும், ஏன்னா சதையில பெரும்பங்கு எதுலருந்து வந்துச்சுங்கறதுதான் கேள்வி.

விதை இல்லாததெல்லாம் பொய்க்கனின்னு சொல்றதும் தப்பு. வாழைப்பழம் கருவுறாமலே சூற்பை பருத்து வர்றது, அதுனால விதை இல்ல, ஆனா மெய்க்கனிதான்.